வீட்டிலிருந்த மாத்திரையைக் குழந்தை விழுங்கிவிட்டால்: முதல் பத்து நிமிடங்களும் அன்றைய இரவும்

இப்போதுதான் குழந்தை மாத்திரையை விழுங்கியிருக்கிறது என்றால், இந்தப் பக்கத்தைப் பிறகு படிக்கலாம். வாயில் எஞ்சியிருப்பதை எடுத்துவிடுங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். மாத்திரை அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். குழந்தை மயங்கினாலோ, எழுப்ப முடியாதபடி உறங்கினாலோ, வலிப்பு வந்தாலோ, மூச்சுவிடச் சிரமப்பட்டாலோ உடனே 108-ஐ அழையுங்கள்.

மாத்திரை காணாமற்போனது தெரிந்தவுடன் பெரும்பாலான வீடுகளில் முதலில் பார்ப்பது குழந்தையின் முகத்தைத்தான். அழவில்லை, வாந்தி இல்லை, ஓடி விளையாடுகிறது. ‘ஒன்றும் ஆகவில்லை, காலையில் பார்த்துக்கொள்ளலாம்’ என்று யாரேனும் ஒருவர் சொல்வார். மற்றவர்களும் அதை நம்பவே விரும்புவார்கள். வீடுகளில் சாதாரணமாக இருக்கும் மாத்திரைகளில் பல, விழுங்கிய முதல் சில மணி நேரத்தில் எந்த அறிகுறியையும் காட்டுவதில்லை. அவற்றுள் நம் வீடுகளில் அதிகம் காணப்படும் இரண்டைப் பற்றி இங்கு விளக்கமாகப் பார்ப்போம். ஒன்று, முதியோர் உண்ணும் சர்க்கரை நோய் மாத்திரை. மற்றொன்று, கருவுற்ற தாய்மார்களுக்கு வழங்கப்படும் இரும்புச் சத்து மாத்திரை.

சர்க்கரை மாத்திரை குழந்தையின் உடலில் என்ன செய்கிறது?

‘சுகர் மாத்திரை’ என்று நாம் ஒரே பெயரில் அழைப்பவை உண்மையில் பலவகைப்பட்டவை. மெட்பார்மின் மட்டும் உள்ள மாத்திரை ஒன்றிரண்டைக் குழந்தை விழுங்கினால் இரத்தச் சர்க்கரை பொதுவாக ஆபத்தான அளவுக்குக் குறைவதில்லை. ஆனால் கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு, கிளிக்லசைடு ஆகியவை வேறு வகையைச் சேர்ந்தவை. இவை கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கச் செய்கின்றன. அப்போது இரத்தத்தில் சர்க்கரை அதிகமாக இருக்கிறதா, குறைவாக இருக்கிறதா என்பதை இம்மாத்திரை பொருட்படுத்துவதில்லை. சர்க்கரை நோயுள்ள பாட்டிக்கு அதனால் நன்மை. நோயில்லாத பத்துக் கிலோ எடையுள்ள குழந்தைக்கு, இருக்கும் சர்க்கரையும் தீர்ந்துபோகும்.

சிறு குழந்தையின் கல்லீரலில் சேமிப்பாக இருக்கும் சர்க்கரை மிகக் குறைவு. மூளையோ உடலின் அளவோடு ஒப்பிட்டால் பெரியது. அதற்குச் சர்க்கரை இடைவிடாமல் வேண்டும். பகலில் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை பாலோ சோறோ பிஸ்கட்டோ கொடுத்துக்கொண்டிருப்பதால் மாத்திரையின் வேலை வெளியே தெரியாமல் போகலாம். இரவில் குழந்தை உறங்கி, உணவு நின்றபின்தான் சர்க்கரை சரிகிறது. ஒரே ஒரு மாத்திரையே இதற்குப் போதும். ‘ஒன்றுதானே விழுங்கியது’ என்ற ஆறுதலுக்கு இவ்வகை மாத்திரையில் இடமில்லை.

இப்போது கடைகளில் கிடைக்கும் மாத்திரைகளில் பல, மெட்பார்மினையும் கிளிமிபிரைடையும் ஒன்றாகச் சேர்த்துச் செய்யப்பட்டவை. ஆகவே ‘பாட்டி சாப்பிடுவது மெட்பார்மின்தான்’ என்று நினைவிலிருந்து சொல்லி அமைதி அடைய வேண்டாம். அட்டையில் அச்சிடப்பட்டுள்ள மருந்துப் பெயர்கள் முழுவதையும் படியுங்கள்.

ஓர் எடுத்துக்காட்டு

இருபது மாதக் குழந்தை. எடை பத்துக் கிலோ. ஊரிலிருந்து பாட்டி வந்திருக்கிறார். அவருடைய துணிப்பை கட்டிலருகே தரையில் இருக்கிறது. மாலை ஐந்தரை மணிக்குப் பாட்டி பையைத் திறந்து மூக்குக் கண்ணாடியை எடுத்தபோது எல்லாம் சரியாக இருந்தது. ஆறு மணிக்குக் குழந்தையின் கையில் மாத்திரை அட்டை இருப்பதைத் தாய் பார்க்கிறார். அட்டையில் ‘கிளிமிபிரைடு 2 மில்லிகிராம், மெட்பார்மின் 500 மில்லிகிராம்’ என்று உள்ளது.

இங்கே செய்ய வேண்டிய முதல் வேலை கணக்கு. பத்து மாத்திரை அட்டை. பாட்டி திங்கட்கிழமை காலை புதிதாகத் தொடங்கினார், நாளொன்றுக்கு ஒன்று. இன்று வியாழன், ஆக நான்கு போயிருக்க வேண்டும், ஆறு இருக்க வேண்டும். இருப்பது நான்கு. எனவே காணாமற்போனவை இரண்டு. கட்டிலின் அடியில் தேடியபோது கடித்துத் துப்பிய பாதி மாத்திரை கிடைக்கிறது. மீதி ஒன்றரை எங்கே? தரையில் உருண்டிருக்கலாம், பாயின் மடிப்பில் இருக்கலாம். ஆனால் கண்ணால் காணாத அனைத்தும் குழந்தையின் வயிற்றில் இருப்பதாகவே கொள்ள வேண்டும். மருத்துவரிடம் சொல்ல வேண்டிய கணக்கு இதுதான்: ‘அதிகபட்சம் ஒன்றரை மாத்திரை, ஐந்தரைக்கும் ஆறுக்கும் இடையில்.’

இந்த வீட்டில் அடுத்து இரு வழிகள் உள்ளன.

முதல் வழியில், குழந்தை சிரித்துக்கொண்டிருக்கிறது. பாட்டியிடம் குளுக்கோமீட்டர் இருக்கிறது. விரலில் குத்திப் பார்க்கிறார்கள், 94 காட்டுகிறது. நிம்மதி. ஏழரைக்கு இட்லி ஊட்டுகிறார்கள், ஒன்பது மணிக்குக் குழந்தை உறங்குகிறது. நள்ளிரவுக்குப்பின் தலையணை நனையும் அளவுக்கு வியர்க்கிறது. புழுக்கம் என்று மின்விசிறியைக் கூட்டுகிறார்கள். விடியற்காலையில் குழந்தையை எழுப்பினால் எழவில்லை. கை கால் வெட்டி இழுக்கிறது. இரத்தச் சர்க்கரை நீண்ட நேரம் மிகவும் குறைந்திருந்தால் மூளைக்கு நிலையான பாதிப்பு ஏற்படலாம். உயிருக்கும் ஆபத்து உண்டு. மாலையில் பார்த்த 94 பொய்யன்று. அது ஆறு மணியின் அளவு மட்டுமே. விடியற்காலை மூன்று மணியைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை.

இரண்டாம் வழியில், ஆறேகால் மணிக்குக் குழந்தையோடு கிளம்பிவிடுகிறார்கள். ஏழு மணிக்கு மருத்துவமனையில் குழந்தை அனுமதிக்கப்படுகிறது. இரவு ஒன்றரை மணிக்குச் செய்த பரிசோதனையில் சர்க்கரை 52-ஆக இறங்கியிருக்கிறது. அப்போது குழந்தை உறக்கத்தில்தான் இருக்கிறது. பார்த்தால் எதுவும் தெரியாது. சிரைவழியாகக் குளுக்கோஸ் செலுத்தப்படுகிறது. காலையில் குழந்தை எழுந்து பால் குடிக்கிறது. வெள்ளிக்கிழமை இரவுவரை கண்காணித்தபின் வீட்டுக்கு அனுப்பப்படுகிறது.

இரு வழிகளிலும் ஆறு மணிக்குக் குழந்தையின் தோற்றம் ஒன்றேதான் என்பதைக் கவனியுங்கள்.

முதல் பத்து நிமிடங்கள்

குழந்தையின் கையில் இருப்பதை வாங்கிவிட்டு, வாயைத் திறந்து பாருங்கள். கன்னத்தின் உட்புறத்திலும் நாக்கின் அடியிலும் கரைந்தும் கரையாமலும் துண்டுகள் ஒட்டியிருக்கும். கண்ணுக்குத் தெரிவதை மட்டும் விரலால் மெல்ல எடுத்து, ஈரத்துணியால் வாயைத் துடையுங்கள். தொண்டைக்குள் விரலை விட வேண்டாம். துண்டு உள்ளே தள்ளப்பட்டு மூச்சுக்குழாயை அடைக்கக்கூடும். உரக்கக் கூச்சலிடவும் வேண்டாம். பயந்த குழந்தை வாயில் இருப்பதை அவசரமாக விழுங்கிவிடும்.

அதன்பின் மாத்திரைகளை எண்ணுங்கள். ஒருவர் எண்ணும்போது மற்றொருவர் புறப்பட ஆயத்தமாகலாம். எண்ணி முடிப்பதற்காகப் பயணத்தைத் தாமதிக்க வேண்டாம். கையோடு கொண்டுசெல்ல வேண்டியவை: காலியானதும் மீதியிருப்பதுமான எல்லா அட்டைகள், துப்பிய துண்டுகள், மாத்திரைக்குரிய முதியவரின் மருத்துவக் குறிப்பேடு. ஒரே பையில் இரத்த அழுத்த மாத்திரையும் இருதய மாத்திரையும் இருந்தால் அவற்றையும் எடுத்துச் செல்லுங்கள். எதைக் குழந்தை தொட்டது என்று உறுதியாகத் தெரியாதபோது எல்லாவற்றையும் மருத்துவர் பார்ப்பது நல்லது. குழந்தையின் எடையும் தேவைப்படும். அங்கன்வாடியில் கடைசியாக எடுத்த எடை நினைவில் இருந்தாலும் போதும்.

இரண்டு குழந்தைகள் சேர்ந்து விளையாடிக்கொண்டிருந்தார்களா? காணாமற்போனவற்றை இருவருக்கும் பாதிப்பாதியாகப் பிரித்துக் கணக்கிடக் கூடாது. ஒவ்வொருவரும் முழுவதையும் விழுங்கியிருப்பதாகக் கொண்டு, இருவரையும் அழைத்துச் செல்லுங்கள். மூத்த குழந்தை ‘நான் சாப்பிடவில்லை, பாப்பாதான் சாப்பிட்டது’ என்று சொல்வதை மட்டும் நம்பி அக்குழந்தையை வீட்டில் விட்டுச் செல்ல வேண்டாம்.

வழியில் குழந்தை விழிப்பாக இருந்து, பால் கேட்டாலோ தாய்ப்பாலுக்கு அழுதாலோ என்ன செய்வது? விழுங்கியது இன்னது என்று தெரியாத நிலையில், மருத்துவர் சொல்லும்வரை எதுவும் கொடுக்காமல் இருப்பது பொதுவான விதி. ஆனால் விழுங்கியது சர்க்கரை மாத்திரை என்பது உறுதியாகத் தெரிந்து, குழந்தை நன்கு விழித்திருந்து தானாக விழுங்க முடியுமானால், பட்டினி போட வேண்டாம். வியர்வை, உடல் நடுக்கம், வழக்கத்துக்கு மாறான சிடுசிடுப்பு அல்லது சோர்வு தெரிந்தால், சர்க்கரை கரைத்த நீரைச் சிறிது சிறிதாகக் கொடுத்தபடியே பயணத்தைத் தொடருங்கள். குழந்தை கண்ணைத் திறக்காமல் துவண்டிருந்தால் ஒரு சொட்டும் வாயில் ஊற்றக் கூடாது. அது நுரையீரலுக்குள் சென்றுவிடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து, மூச்சைக் கவனித்தபடி 108 ஊர்தியில் கொண்டுசெல்லுங்கள்.

தொலைபேசியில் கேட்க விரும்பினால், தமிழ்நாட்டில் 104 மருத்துவ உதவி எண் உள்ளது. புதுதில்லி எய்ம்ஸ் மருத்துவமனையிலுள்ள தேசிய நச்சுத் தகவல் மையத்தின் கட்டணமில்லா எண் 1800 116 117. இவற்றை வண்டியில் செல்லும்போதே அழைக்கலாம். அழைப்பு இணைக்கப்படவில்லை என்பதற்காக வீட்டில் காத்திருக்க வேண்டாம்.

வாந்தி எடுக்க வைப்பது ஏன் தவறு?

நஞ்சு உள்ளே போனால் அதை வெளியே கொண்டுவர வேண்டும் என்பது காலங்காலமாக நம்மிடம் உள்ள எண்ணம். உப்புக் கரைசல், புளிக் கரைசல், சோப்பு நீர், சாணிக் கரைசல் ஆகியவற்றைக் கொடுக்கும் வழக்கம் இன்றும் அற்றுப்போகவில்லை. வாந்தியில் மாத்திரை முழுவதும் வெளிவருவதில்லை. எவ்வளவு வந்தது என்று அளக்கவும் முடியாது. சில மருந்துகள் குழந்தையைத் திடீரென மயக்கமடையச் செய்யும். அப்போது வெளிவரும் வாந்தி நுரையீரலுக்குள் இறங்கினால் மாத்திரையைவிடப் பெரிய ஆபத்து அதுவே. உப்புக் கரைசலுக்கு மற்றொரு கேடும் உண்டு. சிறு குழந்தையின் இரத்தத்தில் உப்பின் அளவு கூடினால் மூளை பாதிக்கப்பட்டு வலிப்பு வரும். குழந்தை தானாகவே வாந்தி எடுத்தால் முகத்தைக் கீழ்நோக்கிச் சாய்த்துப் பிடித்து, வந்ததில் மாத்திரைத் துண்டு இருக்கிறதா என்று பாருங்கள். அது நற்செய்தி அன்று; ஒரு தகவல் மட்டுமே. மருத்துவமனைக்குச் செல்வதை அது மாற்றாது.

மருத்துவமனையில் கரித்தூள் மருந்து கொடுப்பதைக் கேள்விப்பட்டு, வீட்டில் அடுப்புக்கரியை அரைத்துக் கொடுப்போரும் உள்ளனர். அந்த மருந்து தனி முறையில் செய்யப்படுவது. விழிப்பாக உள்ள குழந்தைக்கு, விழுங்கிய தொடக்க நேரத்தில், ஏற்ற மருந்துதானா என்று பார்த்தே அதைக் கொடுக்கிறோம். அடுப்புக்கரி அந்த வேலையைச் செய்யாது.

மருத்துவமனையில் என்ன நடக்கும்?

சர்க்கரை மாத்திரை விழுங்கிய குழந்தைக்குப் பெரும்பாலும் முதலில் நடப்பது காத்திருப்புதான். ஏறத்தாழ மணிக்கு ஒருமுறை இரத்தச் சர்க்கரை பார்க்கப்படும். குழந்தை வழக்கம்போல் உண்ணலாம். அளவு 60-க்குக் கீழே இறங்கினாலோ அறிகுறிகள் தோன்றினாலோ சிரைவழியாகக் குளுக்கோஸ் கொடுக்கப்படும். குளுக்கோஸ் கொடுத்ததும் சர்க்கரை ஏறி, மறுபடியும் இறங்குவதுண்டு. ஏறும் சர்க்கரையே கணையத்தை மேலும் இன்சுலின் சுரக்கத் தூண்டுவதுதான் காரணம். வீட்டிலேயே சர்க்கரைத் தண்ணீர் கொடுத்துச் சமாளித்துவிடலாம் என்பது பலிக்காததும் இதனால்தான். அவ்வாறு மீண்டும் மீண்டும் இறங்கினால், இன்சுலின் சுரப்பையே அடக்கும் ஆக்ட்ரியோடைடு என்ற ஊசி மருந்து பயன்படுத்தப்படும்.

‘வயிற்றைக் கழுவவே இல்லையே’ என்று பெற்றோர் பலர் மனக்குறைப்படுகின்றனர். மூக்குவழியாகக் குழாய் செலுத்தி வயிற்றைக் கழுவுவது முன்பு பரவலாக இருந்தது. இப்போது மிகச் சில நேரங்களில்தான் செய்யப்படுகிறது. அதனால் கிடைக்கும் பயன் குறைவு, இடர் அதிகம். கழுவவில்லை என்றால் கவனிக்கவில்லை என்று பொருளல்ல.

இரவு பத்து மணிக்குக் குழந்தை படுக்கையில் குதித்துக்கொண்டிருக்கும். வீட்டில் மற்றொரு குழந்தை காத்திருக்கும். மறுநாள் வேலைக்குப் போக வேண்டியிருக்கும். கையெழுத்திட்டுவிட்டு அழைத்துச் செல்கிறோம் என்று கேட்கத் தோன்றும் நேரம் அதுவே. தயவுசெய்து கேட்காதீர்கள். உணவில்லாத ஓர் இரவு உறக்கத்தைக் குளுக்கோஸ் துணையின்றிக் குழந்தை கடந்துவிட்டது என்பதைப் பார்த்த பின்னரே, பொதுவாக ஏறக்குறைய 24 மணி நேரம் கழித்து, அனுப்புகிறோம்.

நஞ்சு தொடர்பான அனுமதிகளைக் காவல்துறைக்குத் தெரிவிக்கும் பதிவாகக் குறிப்பது மருத்துவமனை நடைமுறை. அதற்கு அஞ்சிச் சிலர், குழந்தை எதையும் விழுங்கவில்லை, வெறும் காய்ச்சல் என்கிறார்கள். சில வீடுகளில் மாமியாருக்கும் மருமகளுக்கும் இடையே யாருடைய கவனக்குறைவு என்ற பேச்சு எழும் என்பதால், ‘அட்டையில் முன்பே குறைவாகத்தான் இருந்தது’ என்று முதியவர் சொல்லிவிடுகிறார். அந்த ஒரு சொல்லால் இரண்டு மாத்திரை, ஒன்றுமில்லை என்று ஆகிவிடுகிறது. குழந்தை வீட்டுக்கு அனுப்பப்பட்டுவிடுகிறது. எங்களுக்குத் தேவை எண்ணிக்கையும் நேரமும்தான். யார் வைத்தது என்று நாங்கள் கேட்பதில்லை. வீட்டிலுள்ளோரும் அன்றைக்கு அதைக் கேட்காமல் இருந்தால் உண்மை எண்ணிக்கை எளிதில் வெளிவரும்.

இரும்புச் சத்து மாத்திரை: நடுவில் வரும் அமைதி

கருவுற்ற தாய்மார்களுக்கு நாளொன்றுக்கு ஒன்றாக 180 நாட்களுக்கு வழங்கப்படும் சிவப்பு நிற மாத்திரை ஒவ்வொன்றிலும் 60 மில்லிகிராம் இரும்பு உள்ளது. தாய்க்கு அது சத்து. ‘சத்து மாத்திரை’ என்ற பெயராலேயே அதை மருந்தாக எவரும் கருதுவதில்லை. சன்னல் திண்டிலும் சமையலறை மேடையிலும் அது கிடக்கும். இரண்டாவது முறை கருவுற்றிருக்கும் தாயின் வீட்டில் மூத்த குழந்தைக்குப் பெரும்பாலும் ஒன்றரை முதல் மூன்று வயதுக்குள் இருக்கும். மாத்திரையோ பளபளப்பான சிவப்பு மிட்டாய் போன்றது.

குழந்தையின் எடையில் ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராமைத் தாண்டினால் நச்சு அறிகுறிகள் தோன்றலாம். 60 மில்லிகிராமைத் தாண்டினால் உயிருக்கு ஆபத்து. பத்துக் கிலோ குழந்தைக்கு இதைக் கணக்கிட்டால், நான்கு மாத்திரை முதல் அளவைக் கடந்துவிடும்; பத்து மாத்திரை, அதாவது ஓர் அட்டை, இரண்டாம் அளவைத் தொட்டுவிடும்.

இரும்பின் நஞ்சு வரும் விதம் வேறு. முதல் ஆறு மணி நேரத்துக்குள் வாந்தி, வயிற்றுவலி, வயிற்றுப்போக்கு. சில வேளை வாந்தியிலோ மலத்திலோ இரத்தம். பிறகு வாந்தி நின்று, குழந்தை தெளிந்துவிட்டதுபோல் தோன்றும். இந்த அமைதி ஒரு நாள் வரையும் நீடிக்கலாம். அந்நேரத்தில் இரும்பு இரத்தத்திலிருந்து கல்லீரலுக்கும் இருதயத்துக்கும் சென்றுகொண்டிருக்கிறது. அதன்பின் குழந்தை திடீரெனத் துவண்டு, இரத்த அழுத்தம் வீழ்ந்து, கல்லீரல் செயலிழக்கக்கூடும். வாந்தி நின்றது குணத்தின் அடையாளம் என்று எண்ணி வீட்டிலிருந்துவிட்ட குழந்தைகளே மிகத் தாமதமாக எங்களிடம் வந்து சேர்கின்றனர். கரித்தூள் மருந்து இரும்பைப் பிடித்துக்கொள்ளாது. எக்ஸ்-ரே படத்தில் மாத்திரைகள் சில வேளை தெரியும்; தேவையானால் இரும்பைப் பிணைத்துச் சிறுநீரில் வெளியேற்றும் டெஸ்பெரியாக்சமின் என்ற முறிமருந்து கொடுக்கப்படும். இதற்கான வசதி எல்லா ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் இராது. முதலுதவிக்குப்பின் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டால் உடனே புறப்படுங்கள்.

வேறு சில மாத்திரைகளும் இதேபோல் தாமதித்துத் தாக்கும். இரத்த அழுத்தத்துக்கான அம்லோடிபின் சில மணி நேரம் கழித்தே குழந்தையின் இரத்த அழுத்தத்தை வீழ்த்தலாம். பாராசிட்டமால் அளவு மீறினால் கல்லீரல் பாதிப்பு இரண்டாம் மூன்றாம் நாளில்தான் வெளிப்படும். அதன் முறிமருந்தோ எட்டு மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் முழுப் பயன் தரும்.

மாத்திரைகளை எங்கே வைப்பது?

‘எட்டாத உயரத்தில் வையுங்கள்’ என்று எல்லா அட்டைகளிலும் அச்சிடப்பட்டிருக்கிறது. நடக்கத் தொடங்கிய குழந்தைக்கு நாற்காலியை இழுத்துச் சென்று ஏறத் தெரியும் என்பதை அந்த வரி கணக்கில் கொள்ளவில்லை. உயரத்தோடு பூட்டும் வேண்டும். பெரும்பாலான வீடுகளில் பூட்டும் இடம் ஒன்று ஏற்கெனவே இருக்கிறது: இரும்பு பீரோ. அதன் மேல்தட்டில் வீட்டிலுள்ள அனைவரின் மாத்திரைகளும் ஒரே டப்பாவில் இருக்கட்டும். பீரோ இல்லையென்றால், சிறு பூட்டுப் போடக்கூடிய தகரப் பெட்டி போதும். சாவி கதவிலேயே தொங்கக் கூடாது. பழைய பிஸ்கட் டப்பாவில் மாத்திரைகளைப் போட்டு வைக்காதீர்கள். அந்த டப்பாவில் தின்பண்டம் இருக்கும் என்பதைக் குழந்தை முன்பே கற்றிருக்கிறது.

வெளிநாடுகளில் குழந்தைகள் திறக்க முடியாத மூடிகள் புட்டிகளுக்குச் சட்டப்படி உண்டு. அமெரிக்காவில் அதற்கான சட்டம் 1970-இல் வந்தது. அங்கும் ஒரு மூடி தேர்ச்சி பெற, சோதிக்கப்படும் சிறு குழந்தைகளில் நூற்றுக்கு எண்பது பேர் பத்து நிமிடத்துக்குள் அதைத் திறக்காமல் இருந்தால் போதும். அப்படிப்பட்ட மூடியும் குழந்தையைத் தாமதப்படுத்தும் ஏற்பாடே, பூட்டுக்கு ஈடாகாது. நம் நாட்டில் மாத்திரைகள் பெரும்பாலும் அட்டைகளில் வருகின்றன. அட்டையைக் குழந்தை கடித்தே பிரித்துவிடும். வாரத்தின் ஏழு நாட்களுக்கும் அறை பிரித்த மாத்திரைப் பெட்டிகள் முதியோருக்கு மிக வசதியானவை. ஆனால் அவற்றை ஒரே அழுத்தில் திறக்கலாம், உள்ளே ஐந்தாறு வகை மாத்திரைகள் பெயரின்றிக் கலந்திருக்கும். சிறு குழந்தையுள்ள வீட்டில் அதைப் பூட்டி வைக்க முடியாதென்றால் பயன்படுத்தாமல் இருப்பதே என் பரிந்துரை.

அட்டையைக் கத்தரித்து வைக்கும் வழக்கத்தைக் கைவிடுங்கள். பெயர் அச்சிடப்பட்ட முனையைக் கடைசிவரை விட்டு, மறுமுனையிலிருந்து மாத்திரையை எடுங்கள். தாளில் மடித்து வாங்கிய மாத்திரையானால் உறையின் மேல் பெயரையும் அளவையும் வாங்கிய அன்றே எழுதச் செய்யுங்கள். என்ன மாத்திரை என்று தெரிவதே சிகிச்சையில் பாதி வேலையை முடித்துவிடும்.

மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரை நோய்க்குமான மாத்திரைகள் இப்போது வீட்டுக்கே வந்து சேர்கின்றன. வாங்கியதும் திண்ணையிலோ தொலைக்காட்சிப் பெட்டியின் மேலோ வைத்துவிட்டு வேறு வேலைக்குப் போகாமல், வந்தவர் வாசலைத் தாண்டுமுன் பீரோவில் வைத்துவிடுங்கள். இறந்துபோன தாத்தாவின் மாத்திரைகள் இன்னும் வீட்டிலிருந்தால், அட்டையிலிருந்து பிரித்து ஈர மண்ணோடு கலந்து, இறுகக் கட்டிய உறையில் குப்பையில் சேர்த்துவிடுங்கள்.

முதியோருக்குப் பார்வை மங்கலாக இருக்கும், கை நடுங்கும். மாத்திரை நழுவி விழுந்தால் அவருக்குத் தெரியாது. தவழும் குழந்தைக்குத் தெரியும். விளிம்புள்ள ஒரு தட்டின் மேல் கையை வைத்துக்கொண்டு மாத்திரையைப் பிரிக்கச் சொல்லுங்கள். இரவு மாத்திரையைத் தலையணை அடியில் எடுத்து வைத்துக்கொள்வதும், சேலை முந்தானையில் முடிந்துகொள்வதும் நின்றாக வேண்டும். குழந்தை அடம்பிடிக்கும்போது மருந்தை ‘மிட்டாய்’ என்று சொல்லிக் கொடுக்காதீர்கள்.

பொங்கலுக்கோ கோடை விடுமுறைக்கோ தாத்தா பாட்டி வீட்டுக்குச் செல்லும்போதும், அவர்கள் உங்கள் வீட்டுக்கு வரும்போதும் இந்த ஏற்பாடு குலையும். குழந்தை இல்லாத வீட்டில் மாத்திரைகள் கைக்கெட்டும் இடத்தில்தான் இருக்கும். விருந்தினரின் பை தரையில்தான் இறக்கப்படும். காலணியைக் கழற்றியதும் தண்ணீர் கொடுப்பதுபோல, மாத்திரைப் பையை வாங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டி, எத்தனை மணிக்கு எடுத்துத் தர வேண்டும் என்று அவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.